கூட்டாளிக்கு அம்மா எழுதுறது

தம்பி,

ஓ.எல் கணித றிசல்ட் வந்த நாளில இருந்து நீ போன் எடுக்கேல்ல. எனக்கு எஸ் வந்ததெண்டு தங்கச்சி வட்ஸ்அப்பில போட்டதை நீ பாத்திட்டாய் எண்டு நீலக் கோடு காட்டிக் குடுத்திட்டுது. அம்மாவோட கோவம் எண்டால் நீ இப்பிடி இருக்கமாட்டாய், சண்டை பிடிச்சிட்டு அடுத்த நாளே கதைப்பாய். இது, ஒண்டாய்ப் படிச்ச கூட்டாளி பாசாக, படிப்பை விட்டவன் வேற தெருவால போற வேலை. அதால இதை அம்மாவாய் இல்லை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து படிச்ச கூட்டாளியாய் எழுதுறன்.

நீ தனிய இருந்தால் கொப்பியைத் திறக்கமாட்டாய் எண்டுதான் நானும் உன்னோட தனிப்பட்ட பரீட்சார்த்தியாய் விண்ணப்பம் போட்டன். அது உனக்கும் தெரியும். நீ கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் நான் விடாததுக்குப் பெரிய வைராக்கியம் ஒண்டும் காரணமில்லை. காசு கட்டியாச்சு, பின்னேரம் தையல் முடிய கை சும்மா இருந்தது.

வெட்கத்தைப் பற்றி ஒண்டு சொல்லிப்போட்டு கணக்குக்கு வாறன். 1996இல் நான் ஓ.எல் எழுத வேண்டிய வருசம் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. நாங்கள் அக்கராயன் பக்கம் போய் மரத்துக்குக் கீழ இருந்தம். பிறகு ஆரும் என்னை "ஏன் கணக்குப் பாசாகேல்ல" எண்டு கேட்டதில்லை, சண்டை எனக்காகப் பதில் சொல்லிச்சுது. உனக்கு அப்பிடிச் சொல்ல ஒண்டும் இல்லை எண்டதுதான் உன்னை அழுத்துது. ஆனா நீ விட்டதுக்கும் ஒரு காரணம் இருக்கு. உன்ர கொப்பிகளை நான் வைச்சுப் பாத்தனான். அது சோம்பல் இல்லை.

உன்ர கொப்பி மூண்டுமே ஒரே மாதிரித் தொடங்குது. 11ஆம் ஆண்டுப் புத்தகத்தின்ர முதல் பாடம் மெய்யெண்கள், பிறகு சுட்டிகளும் மடக்கைகளும். அதோட நிக்குது. புதுக் கொப்பியிலயும் மெய்யெண்கள், மடக்கை, பிறகு வெறும் தாள். ஒவ்வொரு முறையும் "இந்த முறை ஒழுங்காய், முதல்ல இருந்து" எண்டு தொடங்கி, புத்தகத்திலயே வழுக்கிற இடத்தில போய் விழுந்திருக்கிறாய். இடையில ரெண்டு கிழமை விட்டிட்டால், விட்டதுக்குத் தண்டனை மாதிரித் திரும்பவும் முதல் பக்கம். அப்பிடிப் படிச்சால் மடக்கை மட்டும்தான் கணிதம் எண்டு ஆருக்கும் தோணும்.

நான் புத்தகத்தை மூடிப்போட்டு வினாத்தாளை எடுத்தன். நீ விட்டிட்டுப் போன பழைய பேப்பர் கட்டுத்தான். முதல்ல ஒரு கணக்கும் செய்யேல்ல, புள்ளியைத்தான் எண்ணினன். முதல் வினாத்தாள் 2 மணித்தியாலம். ஏ பகுதியில 25 சின்னக் கேள்வி, ஒண்டுக்கு 2 புள்ளி. பி பகுதியில 5 கேள்வி, ஒண்டுக்கு 10. ரெண்டாவது வினாத்தாள் 3 மணித்தியாலம். ரெண்டு பகுதி, பகுதிக்கு 6 கேள்வி, அதில 5 செய்தால் காணும், ஒவ்வொண்டுக்கும் 10. எல்லாம் சேர்த்து 200, அதைப் பாதியாக்கித்தான் நூற்றுக்குப் போடுகினம். எஸ் எடுக்க 35 வேணும். அப்ப 200இல் 70 எடுத்தால் சரி. மற்ற 130ஐயும் விடலாம் எண்டு கண்ட அண்டு இரவு எனக்கு நல்ல நித்திரை.

அந்த 70ஐ எங்க இருந்து எடுக்கிறதெண்டு பாத்தன். ஏ பகுதியில 14 சரியெண்டால் 28. முதல் தாளின்ர பி பகுதியில பின்னம், சதவீதம், சுற்றளவு, வட்ட வரைபு, நிகழ்தகவு மாதிரி வாறதில ஒண்டுக்கு 4 படி எடுத்தால் 20. ரெண்டாவது தாளில நான் நாலு கேள்வியை மட்டும் பிடிச்சன்: கூட்டமாக்கிய மீடிறன் பரம்பலின் இடை, இருபடிச் சார்பின்ர வரைபு, கேத்திரகணித அமைப்பு, விருத்தி. அதில 7, 6, 6, 4. கூட்டிப்பார், 71 வரும். மடக்கையில ஒரு புள்ளியும் நான் நம்பேல்ல. றிசல்டில எழுத்து மட்டும்தான் வரும், அதால உண்மையில எத்தினை எடுத்தன் எண்டு தெரியாது. திட்டம் இதுதான்.

இதில உனக்கு நட்டம் இந்த இடை காணுற கணக்கில. உன்ர கொப்பியில நீ செய்து, பிழையெண்டு வெட்டி, பிறகு அந்தப் பாடத்தையே விட்ட கணக்கு ஒண்டு இருக்கு. பால் சேகரிப்பு நிலையத்தில 30 நாள் சேர்ந்த பால். 10–20 லீற்றர் 3 நாள், 20–30 லீற்றர் 6 நாள், 30–40 லீற்றர் 10 நாள், 40–50 லீற்றர் 7 நாள், 50–60 லீற்றர் 4 நாள். ஒரு நாளைக்குச் சராசரி எவ்வளவு?

நீ நடுப்பெறுமானம் சரியாய் எழுதியிருக்கிறாய்: 15, 25, 35, 45, 55. எடுகொண்ட இடை 35, அதுவும் சரி. அதில இருந்து விலகல் −20, −10, 0, 10, 20. அதையும் சரியாய்த்தான் எழுதியிருக்கிறாய். மீடிறனால பெருக்கேக்கதான் மேல ரெண்டு வரியிலயும் சய அடையாளத்தை விட்டிட்டாய். 60, 60, 0, 70, 80 எண்டு கூட்டி 270, அதை 30ஆல பிரிச்சு 9, 35ஓட 9 சேர்த்து 44. பின்னால விடையைப் பாத்திட்டு முழுக் கணக்கையும் கோடு போட்டு வெட்டியிருக்கிறாய். பக்க ஓரத்தில "மண்டையில ஏறாது" எண்டும் எழுதியிருக்கு.

மண்டையில ஏறின கணக்கு அது, ராசா. −60, −60, 0, 70, 80 எண்டு வைச்சால் கூட்டுத்தொகை 30. அதை 30 நாளால பிரிக்க 1. 35 + 1 = 36. நீ வெட்டினது ரெண்டு சின்னக் கோடு இல்லாததுக்கு. பரீட்சையில அதை வெட்டாமல் விட்டிருந்தால் நடுப்பெறுமான நிரலுக்கும் விலகல் நிரலுக்கும் புள்ளி வந்திருக்கும், பெருக்கின நிரலுக்கும் கடைசி விடைக்கும் மட்டும்தான் போயிருக்கும். படிக்குப் புள்ளி போடுற பாடத்தில வெட்டிறதுதான் பெரிய நட்டம்.

விடைப் பக்கத்தைப் பாக்காமலே 44 பிழையெண்டு பிடிக்கலாம். 30–40 நடுவில கிடக்கு. அதுக்குக் கீழ 9 நாள், மேல 11 நாள். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமன், மேல் பக்கம் கொஞ்சம் பாரம். அப்ப இடை 35ஐ விட்டுக் கனதூரம் போகேலாது, கொஞ்சம் மேலதான் நிக்கும். 36 பொருந்துது, 44 பொருந்தாது. கேள்வியின்ர அடுத்த பகுதி பெரும்பாலும் இப்பிடித்தான் வரும்: இதே மாதிரி 30 நாளைக்கு எவ்வளவு பால் எதிர்பார்க்கலாம்? 36ஐ 30ஆல பெருக்க 1080 லீற்றர். உன்ர 44இல 1320. பாலுக்குள்ள 240 லீற்றர் தண்ணி விட்ட கணக்கு.

இந்த மாதிரிக் கேள்வியைத்தான் நான் தினம் ஒண்டு செய்தன், வேற வேற பேப்பரில இருந்து. எண் மாறும், நிரல் மாறாது. சய அடையாளத்தைச் சிவப்புப் பேனையால போட்டுப் பழகினன், பிறகு நீலத்திலயே கை தானாய்ப் போட்டுது. அது கைக்கு வந்தாப் பிறகுதான் வரைபுக்குப் போனன்.

அமைப்புக்கு ஒரு விசயம் மட்டும், உன்ர கொப்பியில பாத்ததால சொல்லுறன். கவராயத்தால போட்ட வில்லுகளை நீ அழிறப்பரால அழிச்சு வடிவாய் வைச்சிருக்கிறாய். செங்குத்து இருகூறாக்கியை எப்பிடிக் கீறினாய் எண்டதுக்கு அந்த வில்லுகள்தான் சாட்சி. அதை அழிச்சால் கோணமானியால கீறினவனுக்கும் உனக்கும் வித்தியாசம் தெரியாது. ஊத்தையாய் இருந்தாலும் விடு. விருத்தியைப் பற்றி எழுதமாட்டன், அது உனக்கு என்னை விட நல்லாய் வரும், எனக்குச் சொல்லித் தந்ததே நீதான்.

ஒண்டை மறைக்கக்கூடாது. இந்த வழி எஸ்ஸுக்குத்தான். நீ முந்திச் சொன்ன மாதிரி ஏ.எல்லில கணிதப் பக்கம் போற ஆசை இன்னும் இருந்தால் இது காணாது. சி எடுக்க 50 வேணும், அதாவது 200இல் 100. அதுக்கு மடக்கை, திரிகோண கணிதம், வட்டத் தேற்றம் எல்லாத்துக்கும் திரும்பிப் போகத்தான் வேணும், என்னட்டைச் சரக்கு இல்லை, ஒரு மாஸ்ரரிட்டைத்தான் போகவேணும். பாஸ் மட்டும் வேணுமெண்டால் கடை பூட்டின பிறகு முக்கால் மணித்தியாலம் காணும். ஹாட்வெயார் கடையில நாள் முழுக்க அடி, அங்குலம், சதவீதம் எண்டுதானே நிக்கிறாய். முதல் தாளின்ர பி பகுதி உனக்கு இப்ப என்னை விட லேசாய் இருக்கும்.

மண்டபத்தில என்னைச் சுத்தி வெள்ளை யூனிபோர்ம் பிள்ளையள். நான் சீலையோட போக, ஒரு பிள்ளை எழும்பி "குட் மோர்ணிங் ரீச்சர்" எண்டுது. மேற்பார்வையாளர் எண்டு நினைச்சிட்டுது போல. நான் போய் அதுக்குப் பக்கத்து மேசையில இருக்க, அதின்ர முகத்தை நீ பாத்திருக்க வேணும். இதை உனக்குத்தான் முதல்ல சொல்ல இருந்தன், நீ போன் எடுக்காததால தங்கச்சிக்கு ரெண்டு தரம் சொல்லியாச்சு.

சிவப்புக் கொப்பியையும் பால் கணக்கு உள்ள பேப்பரையும் ஒரு பையில போட்டு, பரந்தனில இருந்து வாற சின்னமாமாவிட்டைக் குடுத்து விடுறன். மற்றப் பேப்பர் இங்க இருக்கட்டும், எல்லாம் ஒண்டாய் வந்தால் நீ திரும்பவும் மெய்யெண்களில தொடங்குவாய். அடுத்த முறைக்கு விண்ணப்பம் கோரேக்க அடையாள அட்டை இலக்கம் கேட்பினம். எழுதிற எண்ணம் இருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பு, நான் கொமியூனிக்கேசனில குடுத்துப் போடுவிக்கிறன். எண்ணம் இல்லாட்டி அனுப்பாத, நான் கேக்கமாட்டன். ஆனா ஞாயிறு மத்தியானம் போனை எடு. முருங்கை மரத்தை வெட்டிறதோ விடுறதோ எண்டு அப்பாவும் நானும் மூண்டு நாளாய்ச் சண்டை, உன்ர முடிவு வேணும்.

அம்மா