தொங்கும் எடையின் நீட்சியும் பாதி ஆற்றலும்: இயற்பியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதினோராம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

அண்மையில் ஒரு மாதிரி வினாத்தாளில் இந்தக் கேள்வியைப் பார்த்தேன்: "சுருள்வில் மாறிலி 50 நியூட்டன்/மீட்டர் கொண்ட வில்லில் 400 கிராம் நிறை தொங்கவிடப்படுகிறது. சமநிலையில் நீட்சி எவ்வளவு? வில்லில் சேமிக்கப்படும் ஆற்றல் எவ்வளவு?" விடைக்குறிப்பு நீட்சியை 16 செ.மீ. என்கிறது. அது தவறு. இதே விடையை எழுதும் மாணவர்கள் வகுப்புதோறும் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்த மடல்.

சமநிலை என்றால் நிறையின் மீது செயல்படும் நிகர விசை சுழி. வில் மேல்நோக்கி இழுக்கும் விசையும் எடையும் சமம், அதாவது kx = mg. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் எடை 4 நியூட்டன். அதை 50-ஆல் வகுத்தால் நீட்சி 0.08 மீட்டர், அதாவது 8 செ.மீ. வில்லில் உள்ள ஆற்றல் ½kx², அதாவது 0.16 ஜூல்.

16 செ.மீ. எங்கிருந்து வந்தது? இறங்கும்போது நிறை இழக்கும் நிலை ஆற்றல் முழுவதும் வில்லுக்குள் போய்விடுகிறது என்று கருதி mgx = ½kx² என எழுதியதால் வந்தது. அந்தச் சமன்பாடு பொய்யல்ல. வில் நீளாத நிலையில் நிறையை மாட்டிச் சட்டென விட்டால் அது எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கான விடை அது. அங்கே நிறை ஒரு கணம் நிற்கிறது, ஆனால் சமநிலையில் இல்லை. வில் 8 நியூட்டன் விசையால் மேலே இழுக்க, எடை 4 நியூட்டன்தான் என்பதால் நிறை உடனே மேலே திரும்பிவிடும். வேகம் சுழியாவதும் விசை சுழியாவதும் வெவ்வேறு என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிடத் தெளிவான இடம் பாடத்தில் இல்லை என்பது என் கருத்து.

கூர்மையான மாணவர் இங்கே ஒன்று கேட்பார். 8 செ.மீ. இறங்கியபோது நிறை இழந்த நிலை ஆற்றல் 4 × 0.08 = 0.32 ஜூல், வில்லில் இருப்பதோ 0.16 ஜூல், மீதிப் பாதி எங்கே? தயவுசெய்து இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். கையால் தாங்கி மெதுவாக இறக்கினால், தொடக்கத்தில் கை 4 நியூட்டனைத் தாங்குகிறது. சமநிலையை அடையும்போது எதையும் தாங்குவதில்லை. சராசரி 2 நியூட்டன், தூரம் 0.08 மீட்டர். அந்த 0.16 ஜூல் கைக்குப் போனது. சட்டென விட்டாலோ, 8 செ.மீ. புள்ளியைக் கடக்கும்போது அதே 0.16 ஜூல் இயக்க ஆற்றலாக இருக்கிறது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.9 மீட்டர். பிறகு காற்றின் தடையும் வில்லின் உட்புற உராய்வும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக்கி, அலைவு அடங்கி, நிறை 8 செ.மீ.யில் ஓய்கிறது. எந்த வழியில் போனாலும் வில்லில் எஞ்சுவது ஒன்றுதான்.

செய்முறை வகுப்பிலும் கவனிக்க ஒன்று உண்டு. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இறுகச் சுற்றப்பட்ட வில் சிறிய எடைக்கு நீளவே நீளாது. அதில் தொடக்க இழுவிசை இருக்கிறது. அது 0.5 நியூட்டன் என்றால் நம் 400 கிராமுக்கு நீட்சி 7 செ.மீ.தான் கிடைக்கும். ஒரே அளவீட்டை வைத்து 4-ஐ 0.07-ஆல் வகுக்கும் மாணவருக்கு மாறிலி 57 என்று வரும். எடையை 50 கிராம், 100 கிராம் எனக் கூட்டிக்கொண்டே போய் வரைபடம் வரைந்தால், கோடு ஆதிப்புள்ளி வழியே போகாததிலிருந்து கோளாறு தெரிந்துவிடும். சாய்விலிருந்து எடுத்த மாறிலியே சரியானது. நீட்சியால் சேர்ந்த ஆற்றலும் அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு: 0.5 × 0.07 கூட்டல் ½ × 50 × 0.07², ஆக ஏறத்தாழ 0.158 ஜூல். 57-ஐ வைத்து ½kx² போட்டால் 0.14 தான் வரும்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. "தொங்கவிடப்படுகிறது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "மெதுவாக இறக்கப்பட்டு ஓய்வில் உள்ளது" என்றோ, "நீளாத நிலையிலிருந்து விடப்படுகிறது, பெரும நீட்சி என்ன?" என்றோ எழுதுங்கள். சமநிலை நீட்சியைக் கேட்ட கேள்விக்கு விடைக்குறிப்பில் 2mg/k இருந்தால், தாள் அச்சுக்குப் போகும் முன் அதைத் திருத்துங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்