விளம்பரக் காசு எங்க போச்சு: நம்ம கஸ்டமர்களுக்கு ஒரு விளக்கம்

கடலூர், பாண்டி கஸ்டமர்கள் எல்லாருக்கும் வணக்கம். வாட்ஸப் குரூப்புல சுத்துற மெசேஜ நீங்களும் பாத்திருப்பீங்க, உங்க கூகுள் விளம்பரத்த பாத்துக்கற நாங்களே ஆள் வச்சு அத கிளிக் பண்ணி காச எடுத்துக்கறோமாம். மனசு ரொம்ப கஷ்டமா இருக்குங்க. ஒரு கிளிக்குக்கு போற காசு கூகுளுக்கும் விளம்பரம் வந்த ஆப், சைட் வச்சிருக்கவங்களுக்கும்தான் போகுது, கிளிக் கூடுனா எங்களுக்கு பத்து பைசா கூட வராது, எங்களுக்கு மாசக் கட்டணம் மட்டும்தான்.

நடந்தது இதுதான். திருப்பாப்புலியூர்ல ஒரு பர்னிச்சர் கடை, டிஸ்ப்ளே விளம்பரத்துக்கு மாசம் 18,000 ரூபா. கிளிக் ஏறுச்சு, ஒரு கிளிக்கோட ரேட்டும் குறைஞ்சுது, மொத்தக் கணக்குல பாத்தா நல்லாவே தெரிஞ்சுது, ஆனா கடைக்கு போன் வரல. அப்புறம் விளம்பரம் எந்தெந்த ஆப், சைட்ல வந்துச்சுன்னு காட்டற Where ads showed ரிப்போர்ட்ட திறந்து செலவு வாரியா அடுக்கிப் பாத்தா மேல நிக்கிறது ரெண்டு ஆப். ஒண்ணு பசங்க கலர் அடிக்கிற கேம், 1,100 கிளிக், 5,500 ரூபா. இன்னொண்ணு டார்ச் லைட் ஆப், 640 கிளிக், 3,840 ரூபா. பொருள் கேட்டு வந்த விசாரணை ரெண்டுலயும் பூஜ்யம். கேம்ல நூறு தடவ காட்டுனா எட்டு கிளிக், மத்த எடத்துல ஒண்ணு கூட தேறல. சோபா வாங்கறவங்க அப்படி அமுக்க மாட்டாங்க, சின்னப் பசங்க விரல் பட்டதுதான்.

ரெண்டையும் உடனே விலக்கிட்டோம். ஆனா ஒவ்வொரு ஆப்பா விலக்குனா அடுத்த வாரம் வேற பேர்ல இன்னொரு கேம் வரும், அதனால கேம் கேட்டகிரியவே மொத்தமா விலக்கி, மோசமான சைட்டெல்லாம் ஒரே லிஸ்ட்ல போட்டு எல்லா கேம்பெயினுக்கும் மாட்டியிருக்கோம். விலக்குனதும் செலவு குறையாது, அந்தக் காசு வேற எடத்துக்கு போகும், அதான் வாராவாரம் பாக்கணும்.

சிலர் "விசாரணை வராத சைட்ட எல்லாம் தூக்குங்க"ன்னு கேக்கறீங்க. அவசரப்படக் கூடாதுங்க. அந்தக் கடைக்கே ஒரு தமிழ் நியூஸ் சைட்ல 210 கிளிக்குக்கு 7 விசாரணை, அதாவது 30க்கு ஒண்ணு. அப்போ ஒரு சைட்ல 30 கிளிக் சும்மா போறது சாதாரணமா நடக்கும், மூணு மடங்கு, 90 கிளிக் தாண்டியும் ஒண்ணும் வரலன்னாதான் தூக்கறோம். இல்லன்னா நல்ல சைட்டும் சேந்து போயிடும்.

ரிப்போர்ட் பாத்துட்டிருந்த தம்பி வேலைய விட்டுப் போனதுல ரெண்டு மாசம் யாரும் அதத் திறக்கல, அது எங்க தப்பு, மன்னிச்சிடுங்க. இன்னொரு விஷயம், அடுத்த மாசத்துலேருந்து எங்க மாசக் கட்டணம் 2,500 ரூபாலேருந்து 3,000 ரூபா ஆகுது.

இவ்ளோ பேச்சுக்கு நடுவுலயும் எங்கள விட்டுப் போகாத அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சனிக்கிழமை ஆபீசுக்கு வாங்க, உங்க ரிப்போர்ட்டத் திறந்து பக்கத்துல உக்காந்து வரிவரியா காட்டறேன்.