கழித்தால் மட்டும் விடை வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த இதழின் நிரல் பகுதியில், கடைசி எண்ணுக்கு அடுத்து முதல் எண்ணே வரும் சுற்று அரேயில், அடுத்தடுத்த எண்களின் துண்டான சப்அரேயின் அதிகபட்சக் கூட்டலைக் கண்டுபிடிக்க "மொத்தத்திலிருந்து மிகக் குறைந்த சப்அரேயைக் கழித்தால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் இந்தப் பாடம் நடத்துபவன். அந்த வரியைக் காட்டி ஒரு மாணவன் என்னிடம் வாதாடினான், அச்சில் வந்ததை அவன் நம்பியதில் என்ன தப்பு?

வழி நல்ல வழிதான். 6, -4, -5, 3, 2 என்று வட்டமாக வைத்தால் மொத்தம் 2. நேராகப் பார்த்தால் அதிகபட்சம் 6. கடைசி 3, 2 இரண்டையும் முதல் 6-உடன் சேர்த்தால் 11. அப்போது விடுபடுவது நடுவில் உள்ள -4, -5, அதாவது -9. அது பிளவுபடாத ஒரே துண்டு, அதனால் அரேயை ஒரே ஓட்டத்தில் பார்த்து அதிகபட்சத் துண்டைக் கண்டுபிடிக்கும் சாதாரண கடேன் முறையிலேயே, பெரியதற்குப் பதில் சிறியதைத் தேடி, அதைக் கண்டுபிடிக்கலாம். 2-இலிருந்து -9-ஐக் கழித்தால் 11. இதையும் நேர்வழியில் வந்த 6-ஐயும் ஒப்பிட்டுப் பெரியதை எடுக்க வேண்டும். இந்தக் காரணத்தையும் நீங்கள் சொல்லவில்லை, ஒப்பிட வேண்டும் என்பதையும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை, எல்லா எண்ணும் மைனஸாக இருந்தால் என்ன ஆகும் என்பது. -4, -2, -7 எடுங்கள். மொத்தம் -13, குறைந்த சப்அரேயும் முழு அரேதான், அதுவும் -13. கழித்தால் 0. ஒரு எண்ணையும் எடுக்காமலே 0 வந்துவிட்டது! சரியான விடை -2. நேர்வழி அதிகபட்சத்தை `mx`, குறைந்த சப்அரேயின் கூட்டலை `mn`, மொத்தத்தை `total` என்று வைத்து நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்:

```
if mx < 0: return mx
return max(mx, total - mn)
```

இதிலும் `mx`-ஐ 0-இல் தொடங்கினால் முதல் வரி ஒருநாளும் வேலை செய்யாது, அரேயின் முதல் எண்ணில்தான் தொடங்க வேண்டும்.

இது முதல் முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஒரு இதழில் அரேயை இரண்டு முறை ஒட்டிவைத்து கடேன் ஓட்டச் சொன்னீர்கள். 5, -3, 5-ஐ அப்படி ஓட்டினால் 14 வரும், மூன்று எண்கள் ஆறாக எண்ணப்பட்டுவிடும், உண்மையான விடை 10. துண்டின் நீளம் மூல அரேயின் நீளத்தைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு எங்கே? அப்போதே எழுதினேன், பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. அப்புறம் இன்னொரு இதழில் மைனஸ் குறிகளே அச்சில் காணாமல் போயிருந்தன. இந்தக் கணக்கின் உயிரே அந்தக் குறிதானே, ஐயா. நகரத்துப் பயிற்சி மையத்துக்குப் போக முடியாத பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிறார்கள்.

அடுத்த இதழில் மேலே உள்ள இரண்டு வரி நிரலையும் -4, -2, -7 உதாரணத்தையும் ஒரு சிறு பெட்டியில் திருத்தமாகப் போடுங்கள். மைனஸ் குறிகளை ஒருமுறை சரிபார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர், கும்பகோணம்