ஏழாம் வகுப்பு அறிவியல் கொஸ்டின் பேப்பர் எடுக்கிற சார், மேடம் எல்லாருக்கும்

வணக்கம். நானும் உங்கள மாதிரி அறிவியல் எடுக்கிற ஒருத்தன்தான், சண்டை போட எழுதல. போன தேர்வுல நம்ம பேப்பர்ல வந்த ‘சரியா தவறா’ பகுதி பத்தி கொஞ்சம் பேசணும்.

என் கிளாஸ்ல ஒரு பையன், புத்தகத்த தொறந்தே பாக்காதவன், அந்தப் பகுதில பத்துக்கு எட்டு வாங்கிட்டான். எப்படிடான்னு கூப்ட்டு கேட்டா, “சார், ‘எல்லா’, ‘மட்டும்’, ‘எப்போதும்’ வந்தா தவறு, ‘சில’, ‘பொதுவாக’, ‘இருக்கலாம்’ வந்தா சரி, மிச்சம் நாலுக்கு குத்துமதிப்பா போட்டேன்”னு சொல்றான். பேப்பர எடுத்து பாத்தா பத்துல ஆறு வாக்கியத்துல இந்த வார்த்தை இருக்கு, ஆறும் அவன் சொன்ன மாதிரியேதான் விடை. மிச்ச நாலுல ரெண்டு குருட்டாம்போக்குல அடிச்சிருக்கு. அவன் அறிவியல் படிக்கல, நம்மள படிச்சிருக்கான்.

இது ஏன் வருதுன்னா, தவறான வாக்கியம் எழுத சுலபமான வழி சரியான வாக்கியத்துல ஒரு ‘மட்டும்’ சொருகுறது. சரியான வாக்கியத்துல யாரும் தப்பு கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு ‘பெரும்பாலும்’ போட்டு பாதுகாப்பா எழுதுவோம். தமிழ்ல இன்னொரு சிக்கல், தனி வார்த்தை கூட வேண்டாம், ‘இரவிலேயே’ல இருக்கிற அந்த ஏகாரம், ‘இருக்கலாம்’ல இருக்கிற ‘லாம்’, இதுவே காட்டிக் குடுத்துடும். நம்ம எழுதும்போது நமக்கே தெரியாது.

எடுத்துக்காட்டுக்கு நம்ம பேப்பர்ல வந்தது: “தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன.” மட்டுமே இருக்கு, தவறு, முடிஞ்சது. இதையே நான் “நண்பகலில் வேப்பமரம் சுவாசிக்கிறது”ன்னு மாத்தி, பக்கத்துல ஒரு வரி விட்டு ‘ஏன்?’னு போட்டு குடுத்தேன். புடிச்சுக்க எந்த வார்த்தையும் இல்ல, விடை சரி. பாதிப் பேருக்கு மேல தவறுன்னு போட்டாங்க, “பகல்ல ஒளிச்சேர்க்கை பண்ணும், ராத்திரிதான் சுவாசிக்கும்”னு காரணம். அதாவது அந்த தப்பான எண்ணம் இத்தன நாளா உள்ளயே உக்காந்திருக்கு, மட்டுமே போட்ட கேள்வி அத வெளிய கொண்டு வரவே இல்ல.

இதவிட முக்கியம், சரின்னு போட்டவங்க எழுதின காரணம். “மரம் கார்பன் டை ஆக்சைடு இழுத்து ஆக்ஸிஜன் விடுது, அதான் சுவாசிக்குது”ன்னு நாலஞ்சு பேர். விடை சரி, காரணம் முழுசா தப்பு, ஒளிச்சேர்க்கையவே சுவாசம்னு நெனச்சிருக்காங்க. உயிருள்ள செல்லுக்கு எந்நேரமும் ஆற்றல் வேணும், அதனால ராப்பகலா சுவாசம் நடக்கும், பகல்ல ஒளிச்சேர்க்கை அதவிட வேகமா நடக்கிறதால வெளிய வர்றது ஆக்ஸிஜன், அவ்ளோதான். இதுல “செல்லுக்கு எப்பவும் ஆற்றல் வேணும்”னு மட்டும் எழுதினாலே நான் மார்க் போட்டேன்.

‘தவறு எனில் திருத்துக’தான் ஏற்கனவே இருக்கேன்னு சொல்வீங்க. அதுல ரெண்டு ஓட்டை. “சிலந்தி ஒரு பூச்சி”க்கு “சிலந்தி ஒரு பூச்சி அல்ல”ன்னு எழுதினா திருத்தம் ஆயிடுது, எட்டு காலப் பத்தி ஒண்ணுமே தெரிய வேண்டாம். ரெண்டாவது, சரின்னு போட்டா எதுவும் எழுத வேண்டாம், அதனால தெரியாதவன் எல்லாத்துக்கும் சரின்னு போட்டுட்டு போயிடுவான். அதனால காரணம் ரெண்டுக்கும் கேளுங்க.

திருத்துற வேலை ஜாஸ்தி ஆகும், உண்மைதான். நாப்பது பேர், பத்து கேள்வின்னா நானூறு காரணம், யாரால முடியும். பத்து வேண்டாம், நாலோ அஞ்சோ போதும், காரணம் ஒரே வரி, விடைக்கு ஒண்ணு காரணத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு மார்க். இப்ப இருக்கிறதுல காசு சுண்டி விடை போட்டாலே நூறுல முப்பத்தெட்டு பேர் பத்துக்கு ஆறோ அதுக்கு மேலயோ வாங்கிடலாம், கணக்கு போட்டு பாருங்க. விடைக்குறிப்புல ஏத்துக்கிற காரணம், ஏத்துக்கக் கூடாத காரணம் ரெண்டையும் எழுதிட்டா திருத்துறவங்களுக்குள்ள சண்டை வராது.

‘எல்லா’வ அடியோட விட்டுடுங்கன்னு சொல்லல. அப்பப்ப தலைகீழா போடுங்க: “வெற்றிடத்தில் ஒலி ஒருபோதும் பரவாது” சரி, “சில பறவைகள் குட்டி போடும்” தவறு. இத போன வாரம் டெஸ்ட்ல வெச்சேன். அந்தப் பையன் பேப்பர வாங்கிட்டு “சார், இது ஏமாத்து வேலை”ன்னு கோவிச்சுக்கிட்டான்.