இரண்டு கரண்டி எண்ணெயும் ஒரு வலி மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலப் பக்கத்தில், ஆலிவ் எண்ணெயில் ஐபுப்ரோஃபென் போலவே வேலை செய்யும் பொருள் இருப்பதால் தினம் இரண்டு தேக்கரண்டி குடித்தால் மூட்டு வலி மாத்திரை தேவையில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பி எங்கள் பக்கத்து வீட்டு மைனி மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து நாளில் படியிறங்க முடியாமல் போனபோதுதான் என்னிடம் சொன்னார். நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன்.

அந்தப் பொருளின் பெயர் ஓலியோகாந்தல். அதன் குணத்தைக் காட்டிக்கொடுத்தது தொண்டைதான். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்து விஞ்ஞானி ஒருவர் சிசிலியில் புது ஆலிவ் எண்ணெயைச் சுவைத்தபோது தொண்டையின் பின்புறம் காறியது. திரவ ஐபுப்ரோஃபெனை விழுங்கும்போது வரும் அதே காறல். அதைப் பின்தொடர்ந்து போய் 2005-இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். உடலில் புண்பட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களை உண்டாக்குபவை சைக்ளோஆக்சிஜனேஸ் என்னும் நொதிகள். அவற்றின் இரு வகைகளையும் ஐபுப்ரோஃபென் தடுக்கிறது, ஓலியோகாந்தலும் தடுக்கிறது. சோதனைக்குழாயில் சம செறிவில் வைத்துப் பார்த்தால் ஓலியோகாந்தலின் கையே ஓங்கியிருந்தது. கட்டுரை எழுதியவர் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார் போலும்.

ஏனென்றால் அதே ஆய்வாளர்கள் அளவையும் கணக்கிட்டிருக்கிறார்கள். கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஓலியோகாந்தல் உள்ள எண்ணெயை ஒருவர் தினமும் 50 கிராம் உட்கொண்டால் அவருக்குக் கிடைப்பது 10 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி உடலில் சேர்ந்தாலும், வலிக்காகப் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் ஐபுப்ரோஃபென் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு வேலைதான் நடக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. மைனி குடித்தது இரண்டு தேக்கரண்டி, அதாவது ஒன்பது கிராம். நல்ல எண்ணெயாகவே இருந்தாலும் அதில் இரண்டு மில்லிகிராம்கூட ஓலியோகாந்தல் இல்லை. வலி அடங்க வேண்டுமானால் நொதிகளில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் அடைபட வேண்டும். இந்த அளவு அதன் பக்கத்தில்கூடப் போகாது.

சரி, குறையை ஈடுகட்ட இன்னும் ஊற்றிக்கொள்ளலாமே என்றார் மைனி. 50 கிராம் எண்ணெய் என்றால் 450 கலோரி. தேங்காய் அரைத்த மீன்குழம்பும் தேங்காயெண்ணெயில் தாளித்த பொரியலும் தின்னும் நம் மாவட்டத்தில் அதை மேலதிகமாகக் குடித்தால் உடல் எடைதான் ஏறும். அந்த எடையைச் சுமக்கப்போவது அதே முழங்கால்.

இத்தாலியிலும் கிரேக்கத்திலும் அவ்வளவு எண்ணெய் மற்றக் கொழுப்புகளுக்குப் பதிலாகச் சாப்பாட்டில் சேர்கிறது. அங்கும் அது வலி மாத்திரைக்கு மாற்று அல்ல. சிறிய அளவு பல ஆண்டுகள் தொடர்ந்து சேரும்போது அழற்சி சற்றுத் தணியலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் ஊகம். குறைந்த அளவு ஆஸ்பிரின் இதயத்துக்கு உதவுவதை அதற்கு ஒப்புமை காட்டுவார்கள். அந்த ஒப்புமையை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆஸ்பிரின் இரத்தத் தட்டணுக்களின் நொதியை மீளமுடியாதபடி முடக்கிவிடுவதால்தான் அதற்குச் சிறிய அளவு போதுகிறது. ஐபுப்ரோஃபென் சில மணி நேரத்தில் பிடியை விட்டுவிடும். 'ஐபுப்ரோஃபென் போல' என்று சொல்லிவிட்டு ஆஸ்பிரினின் பலனை எதிர்பார்ப்பது எப்படி?

இன்னொன்று. மைனியின் எண்ணெய் வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். தொண்டையில் ஒன்றும் தெரியவில்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சுத்திகரித்த எண்ணெய். சுத்திகரிப்பில் ஓலியோகாந்தல் பெரும்பாலும் போய்விடும். சுத்திகரிக்காமல் பிழிந்தபடியே வரும் எக்ஸ்ட்ரா விர்ஜின் வகையிலும் பச்சைக் காயில் பிழிந்த புது எண்ணெயில்தான் அது அதிகம். காறலை நம் ஊரில் கெட்டுப்போன எண்ணெயின் அடையாளமாக நினைப்பார்கள், இங்கே அது நேர்மாறு. ஆனால் சிக்கு வாடை வேறு. இந்தக் காறல் நாக்கில் தெரியாது, விழுங்கிய சில நொடிகளில் தொண்டையைப் பிடிக்கும், சிலருக்கு இருமலும் வரும். ஓலியோகாந்தலை உணரும் ஏற்பி தொண்டையில் நிறைய இருப்பதே காரணம். சேனைக்கிழங்கின் காறலோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது நுண்ணிய ஊசிப் படிகங்களின் வேலை.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மைனி மறுபடி சாப்பிடத் தொடங்கிவிட்டார். 'மாத்திரை தேவையில்லை' என்ற வரிக்கு அடுத்த இதழில் அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். டப்பாவில் மிச்சமிருந்த எண்ணெய் அவித்த மரச்சீனிக்கிழங்கின் மேல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.