தானியங்கி மெயில் வடிவமைப்பவர்களுக்கு: பட்டன் தெரியாவிட்டால்?

தானியங்கி மின்னஞ்சல்களுக்கு வார்ப்புரு எழுதும் குழுக்களுக்கு,

வணக்கம். முன்பதிவு, ரசீது, கடவுச்சொல் மாற்றம் என்று நீங்கள் அனுப்பும் மெயில்களில் லிங்க், பட்டன், படம் மூன்றும் தாராளமாக இருக்கின்றன. உங்கள் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். ஆனால் பெறுபவர் அதை எதில் திறப்பார் என்பது உங்களுக்குத் தெரியாது. இணையப் பக்கம் என்றால் தன்னால் எந்தப் பட வடிவத்தைக் காட்ட முடியும் என்று பிரவுசர் ஓரளவு சொல்லிவிடும், சர்வர் அதற்கேற்ப மாற்றிக் கொடுக்கலாம். மெயிலில் அந்தப் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒருமுறை அனுப்பியதோடு சரி. அதே மெயிலைக் காலையில் போனிலும், மதியம் அலுவலகக் கணினியிலும், ஒரு மாதம் கழித்துத் திரைவாசிப்பானிலும் திறப்பார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். முன்பதிவை உறுதி செய்யச் சொல்லும் மெயில். மேலே ஒரு வண்ணப் படம், தேதியும் நேரமும் அந்தப் படத்துக்குள். கீழே நீல நிறம் படிப்படியாக மாறும் ஒரு பட்டன், அதில் வெள்ளை எழுத்து.

வெளியிலிருந்து வரும் படங்களைப் பல மெயில் செயலிகள் முதலில் தடுத்து வைக்கும். ஜிமெயில் 2013 முதல் தன் சர்வர் வழியாகப் படங்களைக் காட்டிவிடுகிறது என்பதால் இது பலருக்கு மறந்துவிட்டது. தடுக்கப்பட்ட இடத்தில் வெற்றுப் பெட்டிதான் இருக்கும், கூடவே தேதியும் போய்விடும். alt எழுதியிருந்தால் அது தெரியலாம். "பேனர்" என்று எழுதி என்ன பயன்? என் கருத்து இதுதான்: படத்தை எடுத்துவிட்டாலும் செய்தி முழுமையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மெயிலில் படம் பாதுகாப்பானதல்ல.

பட்டன் இன்னும் வேடிக்கை. விண்டோஸில் 2007 பதிப்பு முதல் பழைய அவுட்லுக் மெயிலை வேர்டின் எஞ்சின் கொண்டுதான் வரைகிறது. அதற்கு linear-gradient புரியாது. நீலம் காணாமல் போய், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து மிஞ்சும். பட்டன் அங்கேதான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. லிங்க்கின் மேல் கொடுத்த padding-ஐயும் அது கண்டுகொள்ளாது. அதனால் நிறத்தையும் இடைவெளியையும் அட்டவணைக் கட்டத்துக்குக் கொடுங்கள்:

```html
<td bgcolor="#1a5fb4" style="padding:12px 24px">
  <a href="https://example.org/v/7K2M"
     style="color:#ffffff">முன்பதிவை உறுதி செய்</a>
</td>
```

முனைகள் வளையாமல் கூராக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே இருப்பது சாதாரண லிங்க் என்பதுதான் முக்கியம். form, ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் நம்ப வேண்டாம். ஸ்கிரிப்டைச் செயலிகள் உருவி எறிந்துவிடும், form எங்கே வேலை செய்யும் என்று சொல்ல முடியாது.

லிங்க்தான் மூன்றிலும் உறுதியானது, முகவரி கண்ணுக்குத் தெரிந்தால். multipart/alternative மெயிலில் ஒரே செய்தி இரண்டு வடிவில் போகும்: எளியது முதலில், அலங்காரமானது கடைசியில். செயலி தனக்குப் புரிகிற கடைசி வடிவத்தைக் காட்டும். பல குழுக்களில் அந்த எளிய எழுத்துப் பகுதியை எச்டிஎம்எல்லிலிருந்து ஏதோ ஒரு கருவி உருவாக்குகிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. "உறுதி செய்ய இங்கே அழுத்தவும்" என்ற வரி மட்டும் இருக்கும். எங்கே அழுத்துவது? அந்தப் பகுதியைக் கையால் எழுதுங்கள்:

```
முன்பதிவை உறுதி செய்ய:
<https://example.org/v/7K2M>
```

முகவரி தனி வரியில் இருந்தால் வாக்கிய முற்றுப்புள்ளி அதில் ஒட்டாது. கோண அடைப்பு அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும். முகவரி குட்டையாக இருப்பதும் வசதிக்காக மட்டும் இல்லை. கண்காணிப்புக் குறியீடுகளால் நீண்டது சில செயலிகளில் வரி மடிந்து உடையும், பாதி லிங்க் மட்டும் வேலை செய்து பிழைப் பக்கம் திறக்கும்.

இன்னொன்று, இது தோற்றம் சம்பந்தப்பட்டதல்ல. மெயிலில் உள்ள லிங்க்குகளைப் பாதுகாப்பு மென்பொருள்கள் முன்கூட்டியே தாமே திறந்து பார்ப்பதுண்டு. திறந்த மாத்திரத்தில் முன்பதிவு உறுதியாகிவிடும்படி வைத்திருந்தால், பெறுபவர் படிக்கும் முன்பே வேலை முடிந்திருக்கும். இதை மனதில் வைத்துத்தான் 2017-இல் வந்த ஆர்.எஃப்.சி 8058 என்ற இணையத் தர ஆவணம், அஞ்சல் பட்டியலிலிருந்து ஒரே சொடுக்கில் விலகும் வசதிக்கு, லிங்க்கை வெறுமனே திறப்பதால் நிகழாத POST கோரிக்கையைக் கேட்கிறது. லிங்க் ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், உறுதி செய்யும் பட்டன் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

அடுத்த வார்ப்புருவை அனுப்பும் முன் படங்களை அணைத்துவிட்டு ஒருமுறை படியுங்கள். அப்புறம் text/plain பகுதியை மட்டும் தனியாகப் படியுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த முகவரி என்ற மூன்றும் இரண்டிலும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மெயில்களை எழுத்து வடிவில் படிக்கும் ஒருவர்