எந்த ‘நிறுத்து’ ஐயா? கேள்வி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழகுநர் உரிமத் தேர்வுக்குத் தமிழில் கேள்வி எழுதும் அதிகாரிகளுக்கு,

ஐயா, அம்மா, வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன டிரைவிங் ஸ்கூலில் 22 வருடமாக வண்டி சொல்லிக் கொடுக்கிறேன். எல்.எல்.ஆர். கேள்விகள் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்: உங்கள் தமிழ்க் கேள்விகளில் ‘நிறுத்து’ என்ற ஒரே சொல் வேறு வேறு அர்த்தத்தில் வந்து என் மாணவர்களைக் குழப்புகிறது.

போன வாரம் என்னிடம் படிக்கும் ஒரு பெண் ஒரே ஒரு மார்க்கில் தேர்வில் தோற்றுவிட்டாள். முக்கூடல் பக்கத்துக் கிராமம். பீடி சுற்றுகிறவள். சுற்றிய கட்டைப் பீடிக்கடையில் கொண்டு கொடுக்கவும், மகனைப் பள்ளிக்கூடத்தில் விடவும் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள். வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாமே என்பீர்கள். அவளுடைய ஆதாரில் இருக்கும் போன் நம்பர் எப்போதோ செத்துப்போன நம்பர். ஆகவே இரண்டு பஸ் மாறி நேரில் வந்தாள்.

பீடி இலையை முந்தின நாள் ராத்திரியே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், மறுநாள் வெட்டிச் சுற்றிவிட வேண்டும். காலையில் முடிந்துவிடும், மத்தியானம் வந்து உட்கார்ந்துவிடலாம் என்று நனைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் முறை வர மூன்று மணி ஆயிற்று. சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்து, பாதி இலையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். அன்றைக்குப் பாதிக் கூலி போயிற்று. இப்போது இன்னொரு நாளும் போகப்போகிறது.

சரி, படிக்காமல் வந்து தோற்றால் நீங்கள் என்ன செய்ய முடியும்? அவள் படித்துத்தான் வந்தாள். மற்றக் கேள்விகளை விடுங்கள், இந்த ஒன்றைப் பாருங்கள். மருத்துவமனை நுழைவாயிலின் முன் வாகனத்தை நிறுத்துவது சரியா, தவறா, அல்லது ‘நிறுத்தக்கூடாது’ என்ற பலகை இல்லாவிட்டால் சரியா? விடை ‘தவறு’ என்பது எனக்கும் தெரியும். அவள் மூன்றாவதைத் தொட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

“அண்ணாச்சி, எங்க அத்தைய மூச்சு முட்டலோட ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோல கொண்டு போனோம். வாசல்லதான் நிப்பாட்டுனாவ. நிப்பாட்டாம பெறவு எப்படி எறக்குததாம்?” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது சட்டப்படியும் சரிதான். நோயாளியை இறக்க ஆகும் நேரம் வாசலில் நிற்பது குற்றம் இல்லை. இறக்கிவிட்டு வண்டியை அங்கேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் குற்றம். ஆங்கிலக் கேள்வியில் இருப்பது ‘பார்க்கிங்’. தமிழில் அது ‘நிறுத்துவது’ ஆகிவிட்டது. கேள்வியைத் தமிழில் படித்த ஒரே காரணத்துக்காக அவளுக்கு ஒரு மார்க் போயிற்று.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பாதசாரிகள் கடக்கும் இடத்தில், மக்கள் கடக்கக் காத்திருக்கும்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்? வாகனத்தை நிறுத்தி, அவர்கள் கடந்தபின் செல்ல வேண்டும். இது ஒரு கேள்வி. அப்புறம், வாகனம் நிறுத்தத் தடை செய்யப்பட்ட இடம் எது என்று இன்னொரு கேள்வி. அதற்கு விடையாக வரும் இடங்களில் பாதசாரிகள் கடக்கும் இடமும் ஒன்று. ஒரே இடம், ஒரே வினைச்சொல். ஒரு கேள்வியில் நிறுத்தாவிட்டால் தவறு, மற்றதில் நிறுத்தினால் தவறு. பத்தாவது படித்த பிள்ளை இதில் குழம்பினால் அது பிள்ளையின் குற்றமா?

வித்தியாசம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. 1968ஆம் வருட வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். ஆளை ஏற்ற இறக்க, சரக்கை ஏற்ற இறக்க ஆகிற நேரம் மட்டும் நின்றால் அது நிற்பது. அந்த நேரத்தைத் தாண்டிக் கிடந்தால் பார்க்கிங். முன்னால் நெரிசல், யார் மீதாவது மோதிவிடக் கூடாது, சிவப்பு விளக்கு, போலீஸ்காரர் கை காட்டுகிறார் என்று நின்றால் இரண்டுமே இல்லை. சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் நெரிசலில் கால் மணி நேரம் நின்றாலும் அது பார்க்கிங் ஆகாது. அதே பாலத்தில் தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று எட்டிப்பார்க்க வண்டியைக் கைப்பிடிச் சுவரோரம் விட்டுவிட்டு இறங்கினால், இரண்டு நிமிடமானாலும் பார்க்கிங்தான்.

நம் ஊர்ப் பலகைகளிலும் இது இருக்கிறது. நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு என்றால் பார்க்கிங் கூடாது. ஆளை இறக்கிவிட்டுப் போகலாம். அதே வட்டத்தில் இரண்டு கோடு பெருக்கல் குறியாக இருந்தால் நிற்கவே கூடாது, ஆளை இறக்கக்கூட. பலகை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. கேள்வியில் இரண்டு படத்துக்கும் கீழே ‘நிறுத்தக்கூடாது’, ‘நிறுத்தவோ நிற்கவோ கூடாது’ என்று வரும்போது ‘நிற்க’ என்ற அந்தக் குட்டிச் சொல்லைக் கவனிக்காதவர் போயே போய்விட்டார்.

நடுவில் ‘காத்திருப்பது’ ஒன்று இருக்கிறது. என் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இதில்தான். நோ பார்க்கிங் பலகை உள்ள அல்வாக் கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, எஞ்சினையும் அணைக்காமல் புருஷன் உட்கார்ந்திருப்பார், மனைவி கால் கிலோ வாங்கப் போயிருப்பாள். “நான் இறங்கலையே சார், எப்படிப் பார்க்கிங் ஆகும்?” என்பார். ஆகும். கடையில் ஆள் வரிசையில் நிற்கிற நேரம், ஆளை ஏற்றி இறக்குகிற நேரம் இல்லை. டிரைவர் சீட்டில் இருந்தால் பார்க்கிங் இல்லை என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126: வண்டியை நிற்க விட்டால் உரிமம் உள்ளவர் சீட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சினை அணைத்து பிரேக் போட்டு, தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். அது வண்டி உருண்டு போய்விடாமல் இருக்கச் சொன்னது. அடைத்துக்கொண்டு நிற்பதைப் பற்றிச் சொல்வது பிரிவு 122. அதில் சீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியே இல்லை.

இங்கிலாந்தில் ஒற்றைக் கோடு போட்ட அதே நீலப் பலகைக்குப் பெயரே ‘வெயிட்டிங்’ தடை. இறக்கிவிட்டுப் போ, காத்துக் கிடக்காதே என்று அர்த்தம். நம் கேள்விகளிலோ ‘காத்திருந்து செல்லவும்’ என்பது நல்ல விடையாக வருகிறது, குறுகிய பாலத்தில் எதிரே வண்டி வரும்போது. அங்கே காத்திருப்பது கடமை. அல்வாக் கடை வாசலில் காத்திருப்பது குற்றம். இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு கேள்வியாவது வைத்திருக்கிறீர்களா?

இறங்கினால் பார்க்கிங், இறங்காவிட்டால் இல்லை என்று சுலபமாகச் சொல்லிக் கொடுக்கலாமே என்றால் அதற்கும் உங்கள் கேள்வி விடவில்லை. ஆளில்லா ரயில்வே கேட்டில் வண்டியை இடப்பக்கம் நிறுத்தி, இறங்கி, தண்டவாளம் வரை போய் ரயில் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விடை. இறங்கியாயிற்று, ஆனால் பார்க்கிங் இல்லை. அகலப்பாதையில் ஆளில்லாக் கேட்டுகளை எல்லாம் 2019 ஜனவரியோடு எடுத்துவிட்டதாக ரயில்வே சொல்லிவிட்டது. திருச்செந்தூர் லைனிலோ தென்காசி லைனிலோ அப்படி ஒரு கேட்டைத் தேடி இனி யார் போய் இறங்கிப் பார்ப்பது? எங்கள் பிள்ளைகள் மட்டும் இன்னும் மனப்பாடம் செய்கிறார்கள். கேட்டே போய்விட்டது, கேள்வி போகவில்லை. பலகை வைத்த இடத்தில் பலகையின் காலிலேயே பைக்கைப் பூட்டிப் போகிற ஊரில், இதையெல்லாம் கேட்டுப் பாஸ் போட்டு என்ன ஆகப்போகிறது என்றும் சில நாள் தோன்றும்.

மன்னிக்கவும், வேறு எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். நிற்பது, காத்திருப்பது, பார்க்கிங் மூன்றுக்கும் மூன்று சொல் போடுங்கள்.

தமிழில் சொல் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் எந்தப் பாட்டியும் இதைக் குழப்ப மாட்டாள். பஸ்ஸில் “நிப்பாட்டுங்க, எறங்கணும்” என்பாள். கல்யாண மண்டபத்தில் பேரனைப் பார்த்து “வண்டிய எங்க போட்டிருக்க?” என்பாள். நிப்பாட்டுவது வேறு, போடுவது வேறு. பேச்சில் எப்போதும் பிரிந்தே இருந்ததைக் கேள்வித்தாளில்தான் ‘நிறுத்து’ என்ற ஒரே சாக்கில் கட்டிவிட்டார்கள். ‘போடுவது’ கொச்சை என்று நினைத்தால் ‘வண்டியை விட்டுவைப்பது’ என்று எழுதுங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் ‘பார்க்கிங்’ என்றே தமிழ் எழுத்தில் போடுங்கள். நோ பார்க்கிங் தெரியாத ஆள் இன்று கிராமத்தில்கூட இல்லை. தமிழ் ஒன்றும் கெட்டுவிடாது. அந்தப் பெண்ணுக்கு மார்க் போனதைவிடக் குறைவாகவே கெடும். நிற்பதை ‘நிற்பது’ என்றும், சாலையில் வழிவிட்டுக் காத்திருப்பதை ‘வழிவிட்டு நிற்பது’ என்றும் எழுதினால் போதும். மருத்துவமனைக் கேள்வியில் ‘வண்டியை விட்டுவிட்டுப் போவது சரியா’ என்று ஒரு வரி மாற்றினாலே என் மாணவி பாஸ்.

ஆகவே பணிவோடு இன்னொரு முறை கேட்கிறேன்: நிற்பது, காத்திருப்பது, பார்க்கிங் மூன்றுக்கும் மூன்று சொல். புது வினாவங்கி வரும்வரை காத்திருக்க வேண்டாம், ‘நிறுத்து’ வரும் கேள்விகளை மட்டும் எடுத்துத் திருத்தினாலும் போதும். அவை எத்தனை என்று நான் எண்ணித் தரவும் தயார், சம்பளம் வேண்டாம்.

அந்தப் பெண் அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறாள். திங்கள் ராத்திரி இலை நனைக்கப் போவதில்லையாம். மருத்துவமனைக் கேள்வி வந்தால் “அத்தையை மறந்துடு தாயி, ‘தவறு’னு தொட்டுட்டு வா” என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைப் பக்கத்து டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருவர்